வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு முறுக்கு அனுப்புவோர் விலையையும் சுங்கத் தாளையும் சேர்த்தே அமைக்க வேண்டும்

கேள்வி: "வீட்டில் செய்த முறுக்கு, தட்டை, அதிரசம் விற்கிறேன். அமெரிக்காவில் உள்ள குடும்பங்கள் கேட்கிறார்கள். டாலரில் விலை எப்படி வைப்பது, கூரியர் கட்டணம், சுங்க விவரம் எல்லாம் எப்படிப் போடுவது?"

நானும் என் அண்ணியும் காரைக்குடியிலிருந்து கைமுறுக்கு அனுப்பி வருகிறோம். கிலோ விலையை டாலராக மாற்றுவதிலிருந்து தொடங்காதீர்கள், பெட்டியிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை 3 கிலோ முறுக்கை உறைகளில் போட்டு 40×30×25 செ.மீ. பெட்டியில் வைத்துக் கொடுத்தோம். கூரியர்காரர் 6 கிலோவுக்குப் பணம் கேட்டார். அவர் கேட்டது சரிதான். விரைவுக் கூரியர்கள் நீளம் × அகலம் × உயரம் ÷ 5000 என்ற கணக்கில் பருமன் எடையைக் காண்பார்கள். அதுவும் தராசு எடையும் எது கூடுதலோ அதற்கே கட்டணம். முறுக்கு இலேசானது, இடத்தை அடைப்பது. இப்போது ஒரே அளவு முறுக்குகளைப் பொறுக்கி, காசு அடுக்குவது போல டப்பாக்களில் அடுக்கி, 36×24×20 பெட்டியில் வைக்கிறோம். பருமன் எடை 3.456, அதாவது அரைக் கிலோப் படிகளில் 3.5 கிலோ.

ஆகவே உங்கள் விற்பனைப் பக்கத்தில் கிலோவை அல்ல, அளவு நிலையான பெட்டியை விற்பனைப் பொருளாக வையுங்கள். அதன் விலையை இப்படிப் போடலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. சரக்கு 1,800 ரூபாய், பெட்டியும் டப்பாவும் 300, கிலோவுக்கு 900 வீதம் கூரியர் 3,150, மொத்தம் 5,250. பணம் வாங்கும் நிறுவனத்தின் கழிவும் நாணய மாற்றுச் செலவும் சேர்ந்து 4 விழுக்காடு என்றால், 5,250-ஐ 0.96-ஆல் வகுக்க வேண்டும். 4 விழுக்காட்டைக் கூட்டினால் சிறிது குறைந்துவிடும். கிடைக்கும் 5,469-ஐ டாலர் 85 ரூபாய் என்று வகுத்தால் 64.3 வரும். அதை 65 ஆக்கி, பெட்டியையும் சேர்த்துச் சரக்கு 26 டாலர், அனுப்பும் கட்டணம் 39 டாலர் என்று இரண்டாகவே காட்டுங்கள். பழைய பெட்டியாக இருந்திருந்தால் இதே முறுக்குக்கு ஏறக்குறைய 28 டாலர் கூடியிருக்கும். டாலர் விலையை நாள்தோறும் மாற்றாமல், அன்றைய சந்தை வீதத்தைவிடச் சற்றுக் குறைவான வீதத்தில் நிறுத்தி, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பக்கத்தில் டாலர் காட்டிவிட்டு ரூபாயில் பணம் எடுக்கும் அமைப்பும் உண்டு, அதைத் தவிருங்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், "அக்கா, நீங்கள் போட்டிருந்ததைவிடக் கார்டில் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள்" என்று அழைத்த பிறகுதான் எங்கள் அமைப்பில் இருந்த அந்தத் தவற்றைக் கண்டோம். சொந்தக் கார்டில் சிறு தொகை கட்டி, ரசீதில் எந்த நாணயம் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாகக் காட்டச் சொன்னதற்குக் காரணம் சுங்கம். அமெரிக்கா இறக்குமதி வரியைச் சரக்கின் மதிப்புக்கே கணக்கிடுகிறது. தனியாகக் காட்டிய பன்னாட்டுப் போக்குவரத்துக் கட்டணம் அதில் சேராது. "இலவச அனுப்புதல், 65 டாலர்" என்று எழுதினால் முழுத் தொகையும் சரக்கு மதிப்பாகப் பார்க்கப்படும். முன்பு 800 டாலர் வரை வரி இல்லை. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. வரியை யார் கட்டுவது என்பதை வாங்கும்போதே எழுதிவிடுங்கள். நாங்கள் கூரியரின் டி.டி.பி. முறையில் வரியை முன்பே கட்டிவிட்டு, அதை வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணமாக வாங்குகிறோம், ஏனெனில் வாசலில் பணம் கேட்டால் வயதானவர்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சுங்கத் தாளில் "பரிசு" என்று எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள், எழுதவே வேண்டாம். ஒருவர் தம் வீட்டில் செய்து மற்றொருவருக்குத் தனிப்பட்ட பரிசாக அனுப்பும் உணவுக்கு மட்டுமே அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ.வுக்குத் தர வேண்டிய முன்னறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு. விற்பனைக்கு அது பொருந்தாது. முன்னறிவிப்பைப் பதிந்து அதன் உறுதி எண்ணைப் பெட்டியுடன் அனுப்ப வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் பெட்டி கிளம்புமுன்பே பதிந்திருக்க வேண்டும். இந்தியப் பக்கத்தில் ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கான ஐ.இ.சி. எண் எடுத்து, கூரியரிடம் வணிக ஏற்றுமதிக்கான சி.எஸ்.பி.-5 ஷிப்பிங் பில் கேளுங்கள். பரிசு என்று அனுப்பிவிட்டால், வந்த டாலருக்கு ஏற்றுமதிச் சான்று கேட்கும் வங்கியிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

வெறும் "ஸ்நாக்ஸ்" என்று எழுதிய எங்கள் பெட்டி ஒன்று விளக்கம் கேட்டு நாள்கணக்கில் நின்றது. இப்போது இப்படி எழுதுகிறோம்:

```
Murukku, fried rice flour snack, 3 x 1 kg
Rice flour, urad dal, sesame, salt, groundnut oil
No milk, no meat. Made in India. HS 21069099
```

கடைசியில் உள்ள HS எண், காரத் தின்பண்டங்களுக்கு இந்தியச் சுங்க அட்டவணையில் இருக்கும் எண். இறக்குமதி நாடு வேறு எண்ணில் வைக்கவும் கூடும். மாவில் வெண்ணெய் பிசைந்திருந்தால் "No milk" என்ற சொற்களை நீக்கி, பொருள் பட்டியலில் வெண்ணெயைச் சேர்த்துவிடுங்கள். பிறகு பிரிட்டனிலிருந்தும் கேட்பார்கள்; அங்கே பாலில் செய்த இனிப்புகளை அனுமதிப்பதில்லை என்பதால், பால்கோவாவை அந்நாட்டுக்கான பட்டியலில் வைக்காதீர்கள்.