பில் எந்த மேசையில் நிற்கிறது?

கேள்வி: மதுரையில் ஏசி சர்வீஸ் தொழில் செய்கிறேன், என் பெயரிலேயே நடத்தும் சின்ன நிறுவனம். ஒரு கம்பெனியின் கிளைகளுக்கு ஆண்டுப் பராமரிப்பு பார்க்கிறோம். மூன்று பில் பாக்கி: எண் 118 ரூ.1,41,600, எண் 131 ரூ.53,100, எண் 140 ரூ.70,800. போன வாரம் ரூ.1,81,250 வந்தது. எந்தப் பில்லுக்கு என்றே புரியவில்லை. 140-ஐப் பற்றிக் கேட்டால் இரண்டு மாதமாக "ப்ராசஸ்ல இருக்கு" என்ற ஒரே பதில். வேலை கை விட்டுப் போகாமல் எப்படிக் கேட்பது மேடம்?

பதில்: ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பல வருடம் பில் பாஸ் செய்தவள் நான். நீங்கள் போன் செய்யும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் சொல்கிறேன், "பணம் எப்போ வரும்?" என்ற கேள்விக்கு அங்கே இருப்பவரிடம் பெரும்பாலும் பதில் கிடையாது. பணம் விடும் தேதியை முடிவு செய்வது அவர் இல்லை. அதனால்தான் "ப்ராசஸ்ல இருக்கு" என்கிறார். ஆனால் பில் எந்த நிலையில் இருக்கிறது என்பது அவர் திரையிலேயே தெரியும். அதைக் கேட்டால் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

உங்களுடையது போன்ற சர்வீஸ் பில் பெரிய கம்பெனிகளில் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இன்வர்ட் ஆகும், அதாவது பில் வந்து சேர்ந்ததாகப் பதிவாகும். அடுத்து, வேலை நடந்தது உண்மை என்று அந்தக் கிளையோ அட்மின் பிரிவோ கணினியில் சர்வீஸ் என்ட்ரி போட வேண்டும். அதை, வேலை கொடுத்தபோது தந்த ஆர்டரான பிஓவோடும் பில்லோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அக்கவுன்ட்ஸ் பில்லைப் புக் செய்யும். அப்போது ஒரு டாக்குமென்ட் எண்ணும் டியூ தேதியும் விழும். டியூ ஆன பில்கள் அடுத்த பேமெண்ட் ரன்னில் வங்கிக்குப் போகும்.

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் தாமதம் அக்கவுன்ட்ஸில் நடப்பதில்லை, அதற்கு முந்தைய மேசையில் நடக்கிறது. கிளை மேலாளர் சர்வீஸ் என்ட்ரி போடாமல் விட்டிருப்பார். அக்கவுன்ட்ஸைப் பொறுத்தவரை அந்தப் பில் இன்னும் பிறக்கவே இல்லை. நீங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஆகவே 140-க்கு உங்கள் முதல் கேள்வி "புக் ஆகிவிட்டதா?" என்பதாக இருக்கட்டும். மெயிலில் இப்படிக் கேளுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே இருக்கட்டும்:

"பொருள்: பில் எண் 140, ரூ.70,800, உங்கள் பிஓ எண் ……

வணக்கம். இந்தப் பில் …… தேதி உங்கள் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. இன்வர்ட் முத்திரை உள்ள நகலும், கிளையில் கையெழுத்தான சர்வீஸ் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன். பில் புக் ஆகியிருந்தால் டாக்குமென்ட் எண்ணையும் டியூ தேதியையும் தெரிவியுங்கள். ஆகவில்லை என்றால் எந்தப் பிரிவில், எதற்காக நிற்கிறது என்று சொன்னால், எங்கள் பக்கம் தர வேண்டியதை உடனே தந்துவிடுகிறேன்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கேட்டது மூன்றே விஷயம், மூன்றும் திரையைப் பார்த்துச் சொல்லக்கூடியவை. பில் எண்ணும் பிஓ எண்ணும் பொருள் வரியிலேயே இருப்பது முக்கியம். "பேமெண்ட் பாக்கி" என்று மட்டும் வரும் மெயிலைத் திறந்து, எந்த கம்பெனி, எந்தப் பில் என்று தேடுவதற்கு அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. பழைய பில்லின் மெயில் தொடரிலேயே புதுப் பில்லைக் கேட்காதீர்கள், ஒரு பில்லுக்கு ஒரு மெயில் போதும்.

மெயில் போட்டு இரண்டு வேலைநாள் கழித்துப் போன் செய்யுங்கள். தேதி பார்த்துச் செய்வது நல்லது. 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. இவற்றுக்கு முந்தைய நாட்களில் கணக்குப் பிரிவில் யாருக்கும் தலை நிமிராது. 12-லிருந்து 17-க்குள் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள். "சர்வீஸ் என்ட்ரி வரவில்லை" என்று பதில் வந்தால், அதையே அட்மினுக்கு அனுப்பி, எந்தக் கிளை, எந்தத் தேதி வேலை என்று குறிப்பிட்டு என்ட்ரி போடச் சொல்லுங்கள். "2பி-யில் உங்கள் பில் தெரியவில்லை" என்றால், அதாவது ஜிஎஸ்டி தளம் அவர்களுக்குக் காட்டும் கொள்முதல் பட்டியலில் அது இல்லை என்றால், உங்கள் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்தப் பில் ஏறியிருக்கிறதா, அவர்களுடைய ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரிடம் பாருங்கள். அது தெரியும்வரை பில்லையோ வரித் தொகையையோ நிறுத்திவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

இனி வந்து சேர்ந்த பணம். ஒரு பேப்பரில் என்னோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். 118-இல் வேலைத் தொகை 1,20,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 21,600. தனிநபர் நிறுவனம் என்பதால் ஒப்பந்த வேலைக்கான டிடிஎஸ் 1 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் டிடிஎஸ் வேலைத் தொகையின் மீது மட்டும்தான், ஆக 1,200. நிகரம் 1,40,400. 131-இல் வேலைத் தொகை 45,000, டிடிஎஸ் 450, நிகரம் 52,650. இரண்டும் சேர்ந்தால் 1,93,050. உங்களுக்கு வந்தது 1,81,250. வித்தியாசம் 11,800.

இந்த 11,800-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 10,000 வருகிறது. வித்தியாசம் இப்படி முழுத் தொகையாக வந்தால், ஏதோ ஒரு வேலைக்கு 10,000 ரூபாயையும் அதன் ஜிஎஸ்டியையும் சேர்த்து டெபிட் நோட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் முதலில் நினைப்பேன். ஒரு கிளையில் ஒரு முறை சர்வீஸ் தவறிப்போயிருக்கலாம், அல்லது தவறவில்லை, ரிப்போர்ட்தான் போய்ச் சேரவில்லை என்றும் இருக்கலாம். 140-ஐ எதனோடு சேர்த்துப் பார்த்தாலும் இப்படி ஒரு கணக்கு வரவில்லை. ஆனாலும் இது என் ஊகம்தான். உறுதி செய்ய வேண்டியது அவர்கள் தரும் பேமெண்ட் அட்வைஸ். அதைத் தனி மெயிலில் கேளுங்கள்:

"…… தேதி எங்கள் கணக்கில் ரூ.1,81,250 வரவாகியிருக்கிறது, யூடிஆர் எண் ……. நன்றி. இதற்கான பேமெண்ட் அட்வைஸை அனுப்புங்கள். எந்தெந்தப் பில், ஒவ்வொன்றிலும் டிடிஎஸ் எவ்வளவு, வேறு பிடித்தம் உண்டா என்ற விவரம் வேண்டும். டெபிட் நோட் இருந்தால் நகலும் காரணமும் தேவை."

யூடிஆர் என்பது ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் விழும் அடையாள எண், உங்கள் வங்கி ஸ்டேட்மென்டிலேயே இருக்கும். அதைக் கொடுத்தால் அவர்கள் உடனே அந்தப் பேமெண்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "அட்வைஸ் எந்த மெயிலுக்குப் போகிறது?" நிறைய கம்பெனிகளில் பேமெண்ட் போனதும் அட்வைஸ் தானாகவே மெயிலில் போய்விடும், வெண்டர் பதிவில் இருக்கும் முகவரிக்கு. எங்களுக்குப் பெட்டி சப்ளை செய்தவர் ஒருவர் மாதாமாதம் போன் செய்து அட்வைஸ் கேட்பார், நாங்களும் மறுபடி மறுபடி அனுப்புவோம். ஒரு நாள் பதிவைத் திறந்து பார்த்தால், வேலையை விட்டுப் போன அவருடைய பழைய கணக்காளரின் மெயில் அதில் இருந்தது. மாற்றிக் கொடுத்த மாதத்திலிருந்து அந்தப் போன் நின்றது.

டெபிட் நோட் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பிடித்தம் தவறு என்றால் கையெழுத்தான ரிப்போர்ட்டோடு மறுத்து எழுதுங்கள். சரி என்றால் நீங்கள் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட வேண்டும். அவர்கள் போட்ட டெபிட் நோட் உங்கள் வரியைக் குறைக்காது. கிரெடிட் நோட் போடாவிட்டால் வராத 10,000-க்கு 1,800 வரியை நீங்கள் கைக்காசிலிருந்து கட்டியதாக ஆகிவிடும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியோ அதுவரை அதற்கு அவகாசம் உண்டு. டிடிஎஸ்ஸையும் அட்வைஸில் பார்த்ததோடு நிறுத்தாமல், வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டு முடிந்த பிறகு பாருங்கள்.

நாளைக்கு 140-க்கு "பணம் போட்டாச்சு" என்று பதில் வரலாம். அப்போதும் யூடிஆரைக் கேளுங்கள். நெஃப்ட் என்றால் 16 எழுத்துகளும் எண்களுமாக இருக்கும், ஆர்டிஜிஎஸ் என்றால் 22. பத்து இலக்க எண் ஒன்றைக் கொடுத்து அதுதான் ரெஃபரன்ஸ் என்றால், அது பெரும்பாலும் அவர்கள் கணக்கில் விழுந்த டாக்குமென்ட் எண். புத்தகத்தில் பேமெண்ட் போட்டாயிற்று, வங்கியில் கையெழுத்து அதிகாரி இன்னும் ஒப்புதல் தரவில்லை என்று அதற்குப் பொருளாக இருக்கலாம். நெஃப்ட் இப்போது நாள் முழுவதும், அரை மணிக்கு ஒரு முறை ஓடுகிறது. யூடிஆர் இருந்தும் அன்றைக்குள் பணம் வராவிட்டால் அந்த எண்ணோடு உங்கள் வங்கிக்குப் போங்கள். அங்கே வரவில்லை என்றால், அவர்கள் பதிவில் உள்ள உங்கள் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஐஎஃப்எஸ்சி-யையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தவறான எண்ணுக்குப் போய்த் திரும்பிய பணம், யாராவது கேட்கும்வரை அவர்கள் கணக்கிலேயே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உத்யம் பதிவு இருக்கிறதா உங்களிடம்? குறு, சிறு நிறுவனம் என்றால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. அதோடு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடித்த ஆண்டில்தான் கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அதனால் கணக்குப் பிரிவு இதைப் பொருட்படுத்தும். ஆனால் முதல் மெயிலில் சட்டத்தை எடுக்காதீர்கள். உத்யம் எண்ணைப் பில்லில் அச்சிட்டு, மெயிலின் கீழே கையொப்பத்தில் சேர்த்தால் போதும், பார்ப்பவருக்குப் புரியும். இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை என்றால், மூன்றாவதில் உங்களுக்கு வேலை கொடுத்த அதிகாரியையும் நகலில் சேர்த்து, பில் கொடுத்த தேதியையும் 45 நாள் முடிந்த தேதியையும் மட்டும் எழுதுங்கள். வட்டி, எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் மனு என்பதெல்லாம் அதற்கும் அசையாதவர்களுக்கு.

அட்வைஸ் கிடைத்ததும் டாலியில் பில் வாரியாக வரவு வைத்துவிட்டு, "118, 131 சரிபார்த்தேன், இனி 140 மட்டும் பாக்கி" என்று அதே மெயிலுக்கு ஒரு வரி பதில் போடுங்கள். ஆண்டு முடிவில் அவர்கள் பேலன்ஸ் உறுதிக் கடிதம் கேட்டு எழுதும்போது, இந்த ஒரு வரி இரண்டு பக்கத்துக்கும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.