எக்ஸ்டர்னல் என்ன கேட்பார்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தருமபுரி மாவட்டக் கிணற்று நீரில் புளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு முடித்திருக்கிறேன். 60 கிணறுகள், மழைக்கு முன்னும் பின்னுமாக 120 மாதிரிகள். தேர்வாளர் அறிக்கைகள் சாதகமாக வந்துவிட்டன, அடுத்த மாதம் வைவா. சீனியர்கள் ஒரு கேள்விப் பட்டியல் கொடுத்தார்கள். ‘உங்கள் ஆய்வின் புதுமை என்ன’, ‘ஏன் இந்தத் தலைப்பு’ என்று போகிறது. என் ஆய்வுக்கென்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. என் அத்தியாயங்களிலிருந்தே கேள்விகளை எடுத்துப் பதில் குறிப்பு எழுதிக்கொள்வது எப்படி? 3, 4, 5 அத்தியாயங்களை இணைத்துள்ளேன். பெயர் வெளியிட வேண்டாம்.

– ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அத்தியாயங்களுக்குப் போவதற்கு முன் அந்த அறிக்கைகளை எடுங்கள். ‘பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்’ என்ற கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவதுதான் வழக்கம். வைவாவில் கேள்விகள் பெரும்பாலும் அந்த அறிக்கைகளில் உள்ள விமர்சனங்களை ஒட்டித்தான் வரும். நடுவில் பாராட்டு மாதிரி தோன்றும் வாக்கியங்கள் இருக்கும். ‘கிணறுகளைத் தேர்ந்த விதத்தை இன்னும் விளக்கியிருக்கலாம்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது கேள்வி, கண்டிப்பாக வரும். இப்படிப்பட்டவற்றை முதலில் பிரித்து எழுதி, அவற்றுக்கு மட்டும் முழுப் பதில் தயார் செய்யுங்கள். மற்றவற்றுக்குக் குறிப்பு போதும்.

அடுத்து ஆய்வேட்டை அச்சில் எடுத்து பென்சிலோடு படியுங்கள். மூன்று இடங்களில் மட்டும் கோடு போடுங்கள்: நீங்களாகத் தேர்ந்துகொண்ட ஓர் எண் அல்லது முறை வரும் இடம், எதையாவது விட்டுவிட்ட இடம், ‘எனவே’ என்று தொடங்கும் வாக்கியம். தேர்வாளர் நிற்கப்போவது அங்கேதான். அறிமுகத்திலும் முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. உங்கள் முடிவுக்கு எதிராக எழுதியவர் யார் என்ற ஒரு கேள்வியை அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் அனுப்பியவற்றில் நான் கோடு போட்ட சில இடங்களைச் சொல்கிறேன். முறை அதிலிருந்தே புரியும்.

மூன்றாம் அத்தியாயத்தில் ‘அயனிச் சமநிலைப் பிழை எல்லா மாதிரிகளிலும் 5 சதவீதத்துக்குள் இருந்தது, எனவே பகுப்பாய்வு நம்பத்தக்கது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எனவே’ வந்துவிட்டது. நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. உங்கள் நீரில் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகை லிட்டருக்குச் சுமார் 10 மில்லி ஈக்விவலன்ட். புளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால், அதை 19ஆல் வகுக்க 0.1 மில்லி ஈக்விவலன்ட்தான் வருகிறது. மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. புளோரைடை நீங்கள் இரண்டு மடங்கு தப்பாக அளந்திருந்தாலும் அந்த 5 சதவீதச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. விவரம் தெரிந்த தேர்வாளர் இப்படிக் கேட்பார்: “சமநிலை சரி அம்மா, புளோரைடு சரி என்பதற்கு என்ன ஆதாரம்?” ஆய்வேட்டின் தலைப்பே புளோரைடு, அதனால் இது சின்னக் கேள்வி இல்லை.

இதற்கான குறிப்பும் உங்களிடமே இருக்கிறது. அத்தியாயத்தின் கடைசி அட்டவணையில் சில மாதிரிகளை இருமுறை அளந்த முடிவுகளும், தெரிந்த அளவு புளோரைடு சேர்த்து மீட்டெடுத்த சதவீதமும் இருக்கின்றன. வாசகத்தில் அந்த அட்டவணையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை! குறிப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

கேள்வி: புளோரைடு அளவு சரி என்று எப்படித் தெரியும்?
பதில்: சமநிலைச் சோதனை பெரிய அயனிகளுக்கு மட்டும். புளோரைடுக்கு இருமுறை அளவீடும் மீட்பு சதவீதமும்.
எங்கே: மூன்றாம் அத்தியாயம், கடைசி அட்டவணை, பக்க எண்.
எல்லை: எல்லா மாதிரிகளிலும் செய்யவில்லை, எத்தனையில் செய்தேன்.

நான்கு வரிக்கு மேல் வேண்டாம். முழு வாக்கியங்களாக எழுதினால் மனப்பாடம் செய்யத் தோன்றும், அப்புறம் கேள்வி வேறு சொற்களில் வந்தால் தடுமாறுவீர்கள். நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். எல்லையை நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். நீங்கள் சொல்லாமல் அவர் கண்டுபிடித்தால் அங்கேயே நிற்கும்.

அதே அத்தியாயத்தில் இன்னொன்று. SPADNS முறையில் அளந்திருக்கிறீர்கள். அந்தச் சாயத்தின் நிறம் புளோரைடு கூடக்கூட வெளுக்கும், ஆனால் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரைதான் நேர்கோட்டில் இருக்கும். உங்கள் அட்டவணையில் 4.1 வரை போகிறது. அப்படியானால் மாதிரியை நீர்த்துத்தான் அளந்திருக்க வேண்டும். எத்தனை மடங்கு நீர்த்தீர்கள் என்பது ஆய்வேட்டில் எங்கும் இல்லை. ஆய்வகக் குறிப்பேட்டைத் தேடி எடுங்கள். கேள்வி ஆய்வேட்டிலிருந்து வந்தாலும் பதில் சில சமயம் குறிப்பேட்டில்தான் இருக்கும். வைவா அன்று அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

நான்காம் அத்தியாயத்தில் ‘கால்சியம் குறைந்த கிணறுகளில் புளோரைடு கூடுதலாக உள்ளது’ என்று சொல்லி, ஒட்டுறவுக் கெழுவைக் காட்டி நகர்ந்துவிட்டீர்கள். காரணம் கேட்பார்கள். போர்டில் எழுதச் சொன்னாலும் சொல்வார்கள். குறிப்பில் கால்சியம் புளோரைடு கரையும் சமன்பாடும் ஒரு கணக்கும் இருக்கட்டும்:

```
CaF2 ⇌ Ca2+ + 2F-
Ksp = [Ca2+][F-]^2 ≈ 10^-10.6
```

நீரில் கால்சியம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால், புளோரைடு சுமார் 1.9 மில்லிகிராம் வரைதான் ஏற முடியும். கால்சியம் 20ஆகக் குறைந்தால் வரம்பு 4.3 வரை உயர்கிறது. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் கெழுவைப் பற்றி யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். எல்லை: அயனிகளின் செயல்திறன் திருத்தத்தைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் வரம்பு இன்னும் சற்று உயரும்.

உடனே அடுத்த கேள்வி தயாராக நிற்கிறது. மழைக்குப் பின் புளோரைடு குறைந்தது, நீர்த்துப்போனதே காரணம் என்கிறீர்கள். அட்டவணையில் 7 கிணறுகளில் கூடியிருக்கிறது. ‘சில விதிவிலக்குகள்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விட்டுவிட்ட இடம் என்று நான் சொன்னது இதைத்தான். அந்த 7 கிணறுகளை மட்டும் தனித்தாளில் எழுதி, மின்கடத்துதிறனும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தில் கூடியிருக்கிறது, நான் பார்த்தேன். மண்ணின் மேலடுக்குகளில் தேங்கியிருந்த உப்புகளை மழைநீர் கரைத்து இறக்கியிருக்கலாம் என்பதோடு அது பொருந்தும். மீதி இரண்டுக்கு உங்களிடம் பதில் இல்லை. ‘அந்த இரண்டுக்கும் என் தரவு போதவில்லை, ஆழத்தையும் பாறை வகையையும் பார்க்க வேண்டும்’ என்று சொல்லலாம். அதற்கு மேல் அங்கேயே யோசித்து ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். அதிலிருந்துதான் அடுத்த பத்து நிமிடக் கேள்விகள் கிளம்பும்.

உங்கள் புளோரைடு வரைபடத்தைப் பற்றிச் சுருக்கமாக: கடினப் பாறைப் பகுதியில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறுபடும். கிணறே இல்லாத இடத்துக்கு எப்படிச் சிவப்பு அடித்தீர்கள் என்பார்கள். வரைபடம் போக்கைக் காட்டத்தான், ஒரு கிராமத்தைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தருவது ஐந்தாம் அத்தியாயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீர் கொண்டுபோக, முக்கியமாக இந்தப் புளோரைடுக்காகவே வந்த திட்டம். உங்கள் மாதிரிகள் அதற்குப் பிறகு எடுத்தவை. ஆனால் உடல்நல அபாயக் கணக்கில், ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் நீர், அவ்வளவும் அந்தக் கிணற்றிலிருந்தே குடிக்கிறார் என்று வைத்திருக்கிறீர்கள். “மக்கள் இந்தத் தண்ணீரையா குடிக்கிறார்கள்?” என்று எக்ஸ்டர்னல் கேட்காவிட்டாலும் பார்வையாளர் வரிசையிலிருந்து யாராவது கேட்பார்கள். வைவா பொதுவில்தானே நடக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2.7 மில்லிகிராம் புளோரைடு, 2 லிட்டர், 60 கிலோ எடை. நாளுக்குக் கிலோவுக்கு 0.09 மில்லிகிராம். நீங்கள் எடுத்துக்கொண்ட பாதுகாப்பான அளவு 0.06. வகுத்தால் 1.5, ஒன்றுக்கு மேல், அதனால் ‘அபாயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதே ஆள் பாதி நீரைக் குழாயிலிருந்து குடித்தால் கிணற்றின் பங்கு 0.75 ஆகிறது. புளோரைடு குறைந்த காவிரி நீர் அதோடு கொஞ்சம்தான் சேர்க்கும். முடிவே மாறிவிடுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் 27 என்று எண்ணியிருக்கிறீர்கள். IS 10500 குடிநீர்த் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 1.0தான், மாற்று நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் மட்டுமே 1.5 வரை விடலாம். ஒகேனக்கல் நீர் வரும் ஊரில் மாற்று இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? 1.0 என்று வைத்தால் உங்கள் அட்டவணைப்படி 38 கிணறுகள் வருகின்றன. ஆக, ஒரே திட்டம் உங்கள் அபாயக் கணக்கைக் குறைக்கிறது, வரம்பு தாண்டிய கிணறுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இதை நீங்களே எடுத்துச் சொன்னால் உங்களுக்கு நல்லது.

கிணறு இன்னும் புழக்கத்தில் இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எத்தனை வீடுகளில் அந்த நிலை என்று நீங்கள் கேட்டறியவில்லை, அதை எல்லை வரியில் எழுதுங்கள். முழுவதும் கிணற்று நீர், பாதி, கால்வாசி என்று மூன்று நிலைக்கு அபாய எண்ணைக் கணக்கிட்டு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். ஆய்வேட்டில் இப்போது சேர்க்க முடியாது. உங்கள் ஸ்லைடுகளில் ‘நன்றி’க்குப் பின்னால் அதை வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வந்தால் மட்டும் திறக்கலாம்.