சீனத்தில் தொனி: தனிச் சொல்லில் சரி, சேர்த்துச் சொன்னால் தப்பு

கேள்வி: ஆறு மாதமாக மாண்டரின் படிக்கிறேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால் தொனி சரியாக இருக்கிறது என்கிறார் ஆசிரியர். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசினால் மட்டும் அர்த்தம் மாறிவிட்டது என்று சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?

மாண்டரினில் ஒரே ஒலியைக் குரல் ஏற்றி இறக்கும் விதம் மாறினால் அர்த்தமும் மாறும். அந்த விதங்கள்தான் நான்கு தொனிகள். தப்பு பெரும்பாலும் மூன்றாம் தொனியில்தான். நான் சிக்கிக்கொண்டதும் அங்கேதான்.

பாடப்புத்தகத்தில் மூன்றாம் தொனிக்கு ஒரு பள்ளம் வரைந்திருப்பார்கள். குரல் இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏற வேண்டும். தனியாக நிற்கும் சொல்லுக்கு அது சரி. பின்னால் வேறு தொனிச் சொல் ஒன்று வந்துவிட்டால் அந்த ஏற்றம் கிடையாது. குரல் கீழே போய் அங்கேயே கிடக்கும். பின்னால் வருவதும் மூன்றாம் தொனியாக இருந்தால் கதையே வேறு. அப்போது முதல் சொல் இரண்டாம் தொனியாக, அதாவது ஏறும் குரலாக, மாறிவிடும். ஆக, தனியாகப் பழகிய அந்தப் பள்ளம் பேச்சின் நடுவே அநேகமாக எங்குமே வராது.

இதற்கு நல்ல உதாரணம் முத்தம். ‘வென்’ என்பதை நான்காம் தொனியில், மேலிருந்து வெட்டி இறக்கிச் சொன்னால் ‘கேள்’. மூன்றாம் தொனியில் சொன்னால் ‘முத்தமிடு’. யாரிடமாவது வழி விசாரிக்கும்போது முதலில் சொல்வது ‘ச்சிங் வென்’, ‘தயவுசெய்து, ஒன்று கேட்கலாமா’ என்பது போல. ச்சிங் மூன்றாம் தொனி. எனவே ச்சிங் தாழ்ந்து கிடக்க, வென் உயரத்திலிருந்து விழ வேண்டும்.

நான் புத்தகத்தை நம்பி ச்சிங்கை இறக்கி ஏற்றினேன். குரல் ஏறியபின் மூச்சு முடிந்து, வென் வெட்டாமல் தாழ்ந்து போயிற்று. ஏறும் ச்சிங், தாழும் வென். ‘தயவுசெய்து முத்தமிடுங்கள்’ என்பதை ஒரு சீனர் சொன்னால் சரியாக அப்படித்தான் ஒலிக்கும், ஏனென்றால் அங்கே இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு சொல்லில் சறுக்கியது என்று நினைத்திருந்தேன். பார்த்தால் முழுத் தொடரின் மெட்டே மற்றதன் மெட்டு.

‘வோ ஷியாங் வென் நீ’, ‘உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்’ என்பதிலும் இதே பொறி. (ஆமாம், சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான். நமக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே சொல்.) ‘கேட்கட்டுமா’ என்கிற பாவனையில் வென்னைச் சற்று உயர்த்திவிடுகிறோம். நீ மூன்றாம் தொனி என்பதால், ‘முத்தமிடு’ என்னும் வென் அதன் முன்னால் வரும்போது ஏறும் குரலில்தான் ஒலிக்கும். நாம் போட்ட அந்த மரியாதையான உயர்த்தல் நேராக அங்கே கொண்டுபோய் விடுகிறது. சீனத்தில் கேள்வி கேட்டாலும் ஒவ்வொரு சொல்லின் வடிவமும் மாறாது. விழும் சொல் சற்று உயரத்திலிருந்து விழும், அவ்வளவுதான். நான் இப்போது ‘நீ’யை விட்டுவிட்டு ‘வோ ஷியாங் வென் யி ஷியா’, ‘கொஞ்சம் கேட்கணும்’ என்கிறேன். அங்கே எல்லோரும் சொல்வதும் அதுதான்.

ஆனால் முத்தத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வழி கேட்கிற வெளிநாட்டவன் என்ன சொல்ல வந்தான் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியும், சிரித்துவிட்டு வழி சொல்வார். பயப்பட வேண்டியது, இரண்டு அர்த்தமும் அந்த இடத்துக்குப் பொருந்துகிற சொற்களுக்கு. அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். தப்பு நடந்ததே தெரியாமல் பேச்சு நகர்ந்துவிடும்.

‘மை’ மூன்றாம் தொனியில் வாங்கு, நான்காம் தொனியில் விற்பனை செய். நான் வேலை விஷயமாக ஈவூ போய்வந்த காலம் அது. செச்சியாங் மாகாணத்தில் இருக்கும் மொத்தச் சந்தை நகரம். பொம்மை, பை, கொக்கி என்று வாங்க நம் ஊர் வியாபாரிகளும் போகும் இடம். ஊரில் ஒரு வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். அங்கிருந்த ஏஜென்டிடம் போனில் ‘அவர் இனி வாங்கவில்லை’ என்று சொன்னேன்: ‘தா பு மை ல’. அவர் சரி சரி என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மூன்று புதிய தொழிற்சாலைகளின் விலைப்பட்டியல் வந்தது! ‘அவர் இனி விற்கவில்லை’ என்று கேட்டிருக்கிறார். தொழிற்சாலைக்காரர் கைவிரித்துவிட்டார் என்று நினைத்து வேறு ஆள் தேடியிருக்கிறார், பாவம்.

இதில் நான் மையில் மட்டும் சறுக்கவில்லை. ‘இல்லை’ என்னும் ‘பு’ இயல்பில் நான்காம் தொனி, விழும் குரல். ஆனால் பின்னால் இன்னொரு நான்காம் தொனி வந்தால் பு ஏறும் குரலாக மாறிவிடும். ‘வாங்கவில்லை’ என்றால் பு விழும், மை தாழ்ந்து கிடக்கும். ‘விற்கவில்லை’ என்றால் பு ஏறும், மை மேலிருந்து விழும். நான் ஒரு நாள் முழுக்க ‘பு யாவ்’, ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகியிருந்தேன். அதில் யாவ் நான்காம் தொனி, எனவே பு ஏறும். அதே வாயோடு இங்கும் புவை ஏற்றிவிட்டேன். பு ஏறிய உடனேயே, அடுத்து வருவது விழும் மைதான் என்று ஏஜென்டின் காது முடிவு செய்திருக்கும். அதற்குப் பிறகு என் மை கொஞ்சம் தெளிவில்லாமல் இருந்தாலும் அவருக்கு அது ‘விற்பனை’தான்.

எனவே பயிற்சியைச் சொல்லிலிருந்து தொடருக்கு மாற்றுங்கள். ‘பு மை’ இரண்டையும் வார்த்தை இல்லாமல் ‘ம்ம் ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். ஒன்று விழுந்து கீழே கிடக்கும், மற்றது ஏறி விழும். முனகலிலேயே வித்தியாசம் வராவிட்டால் எழுத்தைச் சேர்த்தாலும் வராது.

அப்புறம் ஒரு சோதனை. பத்துத் துண்டுச் சீட்டில் ‘வாங்கவில்லை’, ‘விற்கவில்லை’ என்று ஐந்து ஐந்தாக எழுதிக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். சீன நண்பர் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல், கேட்டதை எழுதட்டும். போனில் பேசி எழுத வைக்கும் வசதியை இதற்கு நம்ப வேண்டாம். பழகிய தொடர் என்றால் தொனி தப்பாக இருந்தாலும் அது ஊகித்துச் சரியாக எழுதிவிடும். எனக்கு முதல் தடவை பத்துக்கு ஆறு வந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே ஐந்து வரும்.

இப்போது ஒன்பது, பத்து வருகிறது. ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட பேச்சில் நான் மை பக்கமே போவதில்லை. ‘அவருக்கு வேண்டாம்’ என்று ‘தா பு யாவ் ல’ சொல்லிவிடுகிறேன். யாவுக்கு இப்படி வம்பு செய்யும் ஜோடி அந்த இடத்தில் எதுவும் கிடையாது.