ப்ரெப்பி ஸ்டைலின் நிறச் சேர்க்கைகள் எங்கிருந்து வந்தன?

ப்ரெப்பி என்றால் என்ன மாதிரி உடை? ரோஸ், பச்சை என்று இத்தனை பளிச் நிறங்கள் அதில் எப்படி வந்தன?

அமெரிக்காவின் வடகிழக்கில், ஹார்வர்டு, யேல் போன்ற கல்லூரிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த பணக்காரத் தனியார் பள்ளிகளின் உடை இது. விளையாட்டுக்கும் ராணுவத்துக்கும் தைத்ததை அன்றாட உடையாக்கிக்கொண்டதுதான் இதன் அடையாளம். காலர் முனையில் பட்டன் வைத்த ஆக்ஸ்ஃபோர்டு சட்டையையே பாருங்கள், குதிரையில் போகும்போது காலர் முகத்தில் அடிக்காமலிருக்க இங்கிலாந்து போலோ வீரர்கள் பட்டன் போட்டதைப் பார்த்துத்தான் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. காக்கி பேன்ட், இரண்டாம் உலகப் போர் முடிந்து கல்லூரியில் சேர்ந்த ராணுவத்தினரோடு வந்தது.

நிறங்கள் விடுமுறையிலிருந்து வந்தவை. பள்ளியில் நேவி ப்ளூ ப்ளேசர், கடற்கரையில் ரோஸ், பச்சை. 1959 வாக்கில் ஃப்ளோரிடாவின் பாம் பீச்சில் ஜூஸ் கடை வைத்திருந்த லில்லி புலிட்சர், கறை தெரியாமலிருக்கப் பளிச்சென்ற பூப்போட்ட கவுன் தைத்துக்கொண்டார், ஜூஸைவிட அது நன்றாக விற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது நம் சென்னைப் பக்கத்துக் கைத்தறிக் கட்டம்போட்ட மெட்ராஸ் துணி. துவைத்தால் சாயம் ஓடி நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் அதைக் குறையாக அல்ல, சிறப்பாகவே சொல்லி விற்றார்கள்.

நீங்கள் உடுத்திப் பார்ப்பதானால் ஒரு பளிச் துணி போதும். மெட்ராஸ் சட்டை போட்டால் பேன்ட் வெறும் காக்கியாக இருக்கட்டும், முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள்.