அடிப்பட்டை சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: ஜப்பானின் மக்கள்தொகை பிரமிடைப் பார்த்தேன். அடி சிறுத்துக்கொண்டே போகிறது. அங்கே பெண்கள் பிள்ளை பெறுவதை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வருகிறார்கள் என்பது படத்திலேயே தெரிகிறதே? வேலை செய்கிற வயதினர் மேல் முதியோர் சுமை எவ்வளவு என்பதையும் அதிலிருந்தே சொல்லிவிடலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: முதல் கேள்விக்கு, தெரியவில்லை என்பதுதான் பதில். பிரமிடு என்பது ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக, இளையவர்களை அடியில் வைத்து வயதுவாரியாகப் பட்டைகளை அடுக்கிய படம். அதன் அடிப்பட்டையில் தெரிவது பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை மட்டுமே. ஒரு பெண் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் எவ்வளவு தவறிப்போகலாம் என்பதற்கு ஜப்பானே நல்ல உதாரணம்.

2005-ல் ஜப்பானில் 10.63 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அந்த வருஷம் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இத்தனை பிள்ளை என்ற கணக்கு, 1.26. பத்து வருஷம் கழித்து, 2015-ல் பிறந்தவை 10.06 லட்சம், கருவள விகிதமோ 1.45. அதாவது படத்தின் அடி சுருங்கியது, பெண்ணுக்கு இத்தனை பிள்ளை என்ற கணக்கு ஏறியது. இரண்டும் ஒரே பத்தாண்டில், ஒரே நாட்டில் நடந்தவை. உங்கள் முறையில் படித்திருந்தால் ஏற்றத்தை இறக்கம் என்று எழுதியிருப்பீர்கள்.

காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது, ஆனால் அடியில் இல்லை. நடுவில், தாய்மார்கள் நிற்கும் பட்டைகளில். 1971 முதல் 1974 வரை ஜப்பானில் வருஷத்துக்கு இருபது லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2005-ல் அவர்களில் பெண்கள் முப்பதைத் தாண்டி சில வருஷம்தான் ஆகியிருந்தது. 2015-ல் நாற்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில் பிறந்த தலைமுறை. இவர்கள் பிறந்தபோது வருஷத்துக்கு 12 முதல் 14 லட்சம்தான். ஒவ்வொரு பெண்ணும் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றாலும் பெறுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். பிறகு விகிதமும் சரிந்தது. 2023-ல் அது 1.20, பிறப்பு 7.27 லட்சம். இந்த இரண்டாம் கட்டத்துக்கு உங்கள் கூற்று பொருந்தும். ஆனால் எந்தக் கட்டத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அடிப்பட்டையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

சரி, பிரமிடிலிருந்து கருவள விகிதத்தைக் கணிக்கவே முடியாதா என்றால், ஓரளவு முடியும். அடிப்பட்டையைத் தாயின் பட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் பிள்ளை பெறும் சராசரி வயது முப்பதைச் சற்றுத் தாண்டியது. அதனால் 2020-ஆம் ஆண்டுப் படத்தில் 0–4 வயதுப் பட்டையையும் 30–34 வயதுப் பட்டையையும் எடுங்கள். இரு பக்கமும் சேர்த்து, கீழே உள்ளவர்கள் சுமார் 45 லட்சம், மேலே உள்ளவர்கள் சுமார் 65 லட்சம். 45-ஐ 65-ஆல் வகுத்தால் 0.7 வருகிறது. ஒரு தலைமுறையின் இடத்தில் பத்துக்கு ஏழு பேர்தான் வந்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை தன் இடத்தை அப்படியே நிரப்ப ஒரு பெண்ணுக்குச் சுமார் 2.1 பிள்ளை வேண்டும் என்பது நீங்கள் படித்ததுதான். 0.7-ஐ 2.1-ஆல் பெருக்கினால் 1.45-ஐ ஒட்டி வருகிறது. அந்த ஐந்து வருஷங்களில் ஜப்பான் அரசு வெளியிட்ட விகிதம் 2016-ல் 1.44-ல் தொடங்கி 2020-ல் 1.33-ல் முடிந்தது. ஒரு படத்தையும் இரண்டு பட்டைகளையும் வைத்துப் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை.

நம் கணக்கு சற்று மேலே நிற்பதற்கும் காரணம் உண்டு. தாய்மார்கள் 30–34 பட்டையில் மட்டும் இல்லை. அதற்கு மேலே 35–39, 40–44 பட்டைகள் இன்னும் அகலமானவை. அங்கிருந்தும் குழந்தைகள் வருகின்றன. இன்னும் சரியாக வேண்டுமென்றால் 0–4 வயதினரை 15 முதல் 49 வரையுள்ள பெண்கள் அத்தனை பேராலும் வகுக்க வேண்டும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதைக் குழந்தை–பெண் விகிதம் என்பார்கள். பிறப்புப் பதிவு சரியாக நடக்காத நாடுகளில் பிறப்பை அளக்க இன்றும் இது கைகொடுக்கிறது. அங்கே குழந்தை இறப்பு அதிகம் என்றால் அடிப்பட்டை பிறந்தவர்களைக் காட்டாது, பிறந்து பிழைத்தவர்களைத்தான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் படம் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பட்டை போட்டதா, ஐந்து வருஷத்துக்கு ஒன்று போட்டதா? 2020-ஆம் ஆண்டு ஜப்பான் படத்தை ஒற்றை வயதுகளாகப் போட்டால் 54 வயதில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் தெரியும். அவர்கள் 1966-ல் பிறந்தவர்கள். ஜப்பானிய நாட்காட்டியில் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு அது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. முந்திய வருஷம் 18.24 லட்சமாக இருந்த பிறப்பு அந்த ஒரே வருஷத்தில் 13.61 லட்சமாக விழுந்தது. அடுத்த வருஷம் 19 லட்சத்தைத் தாண்டியது. ஐந்து வருஷப் பட்டையில் இந்தப் பள்ளம் கரைந்து காணாமல் போய்விடும். நம் நாட்டுப் படத்தில் நிலைமை தலைகீழ். ஒற்றை வயதுகளாகப் போட்டால் 30, 35, 40, 45 என்று பட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த வருஷங்களில் அதிகம் பேர் பிறந்துவிடவில்லை. கணக்கெடுக்க வருகிறவரிடம் நாம் வயதை உத்தேசமாகச் சொல்கிறோம். இந்தியாவுக்கு ஐந்து வருஷப் பட்டைதான் பத்திரமானது.

முதுமைக்கு வருவோம். உச்சி அகலமானால் மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று உடனே சொல்லிவிடுகிறோம். பாதிதான் சரி. ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் 1950-ல் நூற்றுக்கு 4.9 பேர், 2020-ல் 28.6 பேர். இந்த விகிதம் ஏறியதில் பெரும்பங்கு பிறப்பு குறைந்ததால் வந்தது. கீழே ஆள் குறைந்தால் மேலே இருப்பவர்களின் பங்கு தானாக ஏறும்.

ஆயுள் எவ்வளவு கூடியது என்பதைப் படிக்க ஒரு படம் போதாது. ஒரே தலைமுறையை அது பிறந்த காலத்திலிருந்து பின்தொடர வேண்டும். போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியபின், 1947 முதல் 1949 வரை மூன்றே வருஷத்தில் ஜப்பானில் 80 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. அப்போது ஒரு பெண்ணுக்கு நான்குக்கு மேல் பிள்ளைகள். கருக்கலைப்பு 1948-ல் சட்டபூர்வமாகி, அடுத்த வருஷம் பொருளாதாரக் காரணமும் ஏற்கப்பட்டது. 1957-க்குள் ஒரு பெண்ணுக்கு இத்தனை பிள்ளை என்ற கணக்கு இரண்டாகச் சரிந்தது. அதனால் அந்த மூன்று வருஷத்துப் பிள்ளைகள் படத்தில் ஒரு தனிப் புடைப்பாக நிற்கிறார்கள். 2020-ல் 71 முதல் 73 வயதில் அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் இருந்தார்கள். பிறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு! ஜப்பானின் நீண்ட ஆயுளுக்கு இதுதான் சாட்சி. 1971–74 புடைப்பு இவர்களுடைய பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகள் தாயாகும் வயதுக்கு வந்தபோது மூன்றாவது புடைப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதார மந்தமும் தள்ளிப்போன திருமணங்களும் அதை வரவிடவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை எளிய வகுத்தல்தான். 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் 65-ம் அதற்கு மேலும் உள்ளவர்களையும் கூட்டி, இடையில் உள்ள 15–64 வயதினரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் சார்ந்திருப்போர் விகிதம். 2020 ஜப்பானில் சிறுவர் 11.9 சதவீதம், முதியோர் 28.6, இடையில் 59.5. விடை 68. இதை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 1950-க்கும் இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 67.5 வருகிறது. அகன்ற அடியுள்ள கூம்பான 1950 படத்துக்கும், நடுவும் மேலும் பருத்த 2020 படத்துக்கும் விடை ஏறத்தாழ ஒன்றே!

பிரித்துப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். வேலை வயதினர் நூறு பேருக்கு 1950-ல் 59 சிறுவர்களும் 8 முதியோரும் இருந்தார்கள். 2020-ல் 20 சிறுவர்களும் 48 முதியோரும். முதல் வகைச் செலவு பள்ளிக்கூடம், தடுப்பூசி, பால். அந்தப் பிள்ளைகள் சில வருஷங்களில் தாங்களே வேலை வயதுக்கு வந்துவிடுவார்கள். வந்தார்கள், 1990 வாக்கில் மொத்த விகிதம் 44-க்குள் இறங்கியது. இரண்டாம் வகைச் செலவு ஓய்வூதியம், மருத்துவம், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆள். மொத்தம் ஒன்றாக இருந்தாலும் அரசின் வரவு செலவில் இவை இரண்டும் முற்றிலும் வேறு. மொத்த விகிதத்தை மட்டும் எழுதும் கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இந்த வகுத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. பிரமிடுக்கு வயதும் பாலினமும்தான் தெரியும்; யார் வேலைக்குப் போகிறார்கள் என்று தெரியாது. 15 முதல் 22 வரை படித்துக்கொண்டிருப்பவர்களை அது உழைப்பவர்களாக எண்ணுகிறது. ஜப்பானில் 65-ஐக் கடந்தவர்களில் நான்கில் ஒருவர் வேலை செய்கிறார். அவரையும் பிறரைச் சார்ந்திருப்பவராக எண்ணுகிறது. அதனால் 48 முதியோர் என்பதை 48 பேரின் முழுச் செலவு என்று படிக்கக் கூடாது. பராமரிப்புத் தேவை சட்டென்று ஏறுவது 75-க்குப் பிறகு. ஆகவே 75-க்கு மேலுள்ள பட்டைகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்: 2020-ல் அவர்கள் மக்கள்தொகையில் 14.7 சதவீதம். 1949-ன் கடைசிப் பிள்ளையும் 2024 முடிவில் 75-ஐத் தொட்டாயிற்று. அடுத்த புடைப்பான 1971–74 தலைமுறை 65-ஐத் தொடுவது 2036-லிருந்து 2039-க்குள். அப்போது அவர்களுக்குக் கீழே எந்தப் பட்டையும் அவர்களுடையதைவிட அகலமாக இருக்காது.