நாலு வாட்ஸ்அப் செய்தி, ஒரே மடல்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஆசிரியையாக இருக்கிறேன். திருவனந்தபுரத்தில் நவம்பர் 14 அன்று ஒரு தமிழ்க் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறேன். அமைப்பாளருக்கு, "சார், காலையிலேயே வந்திடுவேன், ரூம் கிடைக்குமா?", "முதல் ஆளா போட்டுடாதீங்க, அன்னிக்கே திரும்பணும்", "ப்ரொஜெக்டர் இருக்கும்ல? வீடியோ இருக்கு", "டிக்கெட் காசு தருவீங்களா?" என்று தனித்தனியாக அனுப்பினேன். "பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது. எப்படிக் கேட்பது?

பதில்: அவர் தட்டிக்கழிக்கவில்லை. அறைக்கு விருந்தினர் விடுதியிலும், ப்ரொஜெக்டருக்கு அரங்கப் பொறுப்பாளரிடமும், பணத்துக்குக் கணக்குப் பிரிவிலும் அவர் கேட்டாக வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் அப்படியே வெட்டி அந்தந்த ஆளுக்கு அனுப்பும்படி மடல் இருந்தால் அவர் வேலை பாதி முடிந்தது.

அறை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாலக்காட்டில் இரவு அம்ருதா எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன் திருவனந்தபுரம். பல விடுதிகளில் அறைக் கணக்கு நண்பகலில்தான் தொடங்கும். "14ஆம் தேதி அறை" என்று எழுதினால் அதிகாலையில் வரவேற்பறை நாற்காலியில்தான் உட்கார வேண்டும். முந்தின இரவிலிருந்து கேளுங்கள்.

"முதல் ஆளா வேண்டாம்" என்பதை விட்டுவிடலாம். அறை கிடைத்துவிட்டால் காலை அமர்வு சிரமமில்லை. உங்களுக்கு உண்மையில் தேவை, மாலை வண்டியைப் பிடிப்பது.

ப்ரொஜெக்டர் "இருக்கும்ல" என்றால் "இருக்கு" என்பார்கள். ஆனால் உங்கள் லேப்டாப்பில் டைப்-சி மட்டும் இருந்தால் அவர்களுடைய எச்டிஎம்ஐ கேபிள் பொருந்தாது. அப்புறம் ஒலி. கேபிள் வழியாகப் போகும் ஒலி பெரும்பாலும் ப்ரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கரில் முனகும். அரங்க ஸ்பீக்கரில் கேட்க மைக் செட்டோடு தனி ஒயர் வேண்டும். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்படி எழுதலாம்:

> பொருள்: நவம்பர் 14 கருத்தரங்கு – பயணம், அமர்வு நேரம், கருவிகள்
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> அறை: நவம்பர் 14 அதிகாலை சுமார் 5 மணிக்கு ரயிலில் வந்து சேர்கிறேன். 13ஆம் தேதி இரவு முதல் ஒருவருக்கான அறை கிடைக்குமா? இயலாவிட்டால் குளித்து உடைமாற்ற ஓர் இடம் போதும்.
>
> அமர்வு: அன்றிரவே ஊர் திரும்புவதால் மாலை 5 மணிக்குள் என் அமர்வு முடிந்தால் உதவியாக இருக்கும்.
>
> கருவிகள்: டைப்-சி அடாப்டருடன் லேப்டாப் கொண்டுவருகிறேன். எச்டிஎம்ஐ கேபிளும், 2 நிமிட வீடியோவின் ஒலி அரங்க ஸ்பீக்கரில் கேட்க இணைப்பும் தேவை. பென் டிரைவில் பிடிஎஃப் பிரதியும் இருக்கும்.
>
> பயணச் செலவு: எந்த வகுப்புக் கட்டணம் வழங்கப்படும், என்ன ரசீது தர வேண்டும் என்று தெரிவித்தால் அதன்படி முன்பதிவு செய்வேன்.
>
> நன்றி.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும் என்பதால், அதற்கு ஒரு வாரம் முன்பாக இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "மடல் அனுப்பியிருக்கிறேன் ஐயா" என்று ஒரே வரி போதும்.