ராகி மாவு பாக்கெட்டில் 'மே கன்டெய்ன் வீட்' என்று இருந்தால்

> "மகளுக்கு சீலியாக். மாவு பாக்கெட்டில் ராகி மட்டும்தான் போட்டிருக்கு, கீழே 'மே கன்டெய்ன் வீட்'னு இருக்கு. கொடுக்கலாமா?"

கொடுக்காதீங்க. சீலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் ஆகாது. ராகியில் க்ளூட்டன் கிடையாது, ஆனால் அந்த மாவில் இருக்கலாம். பெரும்பாலும் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் ராகியையும் அரைத்திருப்பார்கள்.

'க்ளூட்டன் ஃப்ரீ' என்று போட, இந்திய விதிப்படி கிலோவுக்கு க்ளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிராம் கோதுமை மாவில் மட்டுமே சுமார் 80 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு கிலோ ராகி மாவில் ஒரு சிட்டிகை கோதுமை கலந்தாலே வரம்பு தாண்டிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

'மே கன்டெய்ன்' வரி இல்லாத பாக்கெட்டையும் உடனே நம்பாதீங்க. முன்பக்கம் 'க்ளூட்டன் ஃப்ரீ' இருக்கிறதா பாருங்கள். அப்புறம் தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, தனி இயந்திரமா, ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதிக்கிறார்களா என்று கேளுங்கள்.

'ராகி பிஸ்கட்' வேறு கதை. பின்பக்கப் பட்டியலில் முதல் பொருளே பெரும்பாலும் மைதாதான். 'சர்க்கரை இல்லை', 'மைதா இல்லை' என்பதும் உதவாது. மைதாவுக்குப் பதில் ஆட்டா இருக்கலாம், அதுவும் கோதுமைதான்.

முழு ராகி வாங்கி அரைப்பதானாலும் தெரு மில்லில் கொடுக்காதீங்க, அங்கேயும் கோதுமை அரைத்த இயந்திரத்தில் இதே போலக் கலந்துவிடும். கல் பொறுக்கி, கோதுமை மணி இருந்தால் எடுத்து, கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அந்த ஜாரில் கோதுமை அரைத்திருக்கக் கூடாது.